மாறிலி மறைவதும் கூட்டல் பிரிவதும்

அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பவை நுண்கணிதப் பாடத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் மூன்று விதிகள். மாறிலியின் வகைக்கெழு 0. இரண்டு சார்புகளின் கூட்டுத்தொகையை வகையிட வேண்டுமானால், ஒவ்வொன்றையும் தனியே வகையிட்டுக் கூட்டினால் போதும். ஒரு சார்பை மாறிலியால் பெருக்கியிருந்தால், மாறிலியை அப்படியே நிறுத்திவிட்டுச் சார்பை மட்டும் வகையிடலாம். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் இவற்றை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அடுத்த நாளே பல்லுறுப்புக் கோவைகளை உறுப்பு உறுப்பாக வகையிடத் தொடங்கிவிடுகிறார்கள். விடையும் சரியாக வருகிறது. அதனால் இவை ஏன் சரி என்ற கேள்வி எழாமலே போகிறது.

இந்த வேகத்துக்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. லைப்னிட்ஸ் 1684ஆம் ஆண்டில் வெளியிட்ட, வகையீட்டைப் பற்றிய முதல் அச்சுக் கட்டுரையிலேயே இந்த மூன்று விதிகளும் இருக்கின்றன. a என்பது மாறிலியானால் da = 0 என்றும், d(ax) = a dx என்றும், கூட்டலும் கழித்தலும் உறுப்பு உறுப்பாகச் செல்லும் என்றும் அவர் எழுதினார். நிரூபணம் எதுவும் தரவில்லை. ஆனால் அதே லைப்னிட்ஸ், அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1675 நவம்பரில், தம் கைக்குறிப்புகளில் வேறொரு கேள்வியோடு போராடியிருக்கிறார். d(xy) என்பது dx, dy இரண்டின் பெருக்கற்பலன்தானா என்பது அந்தக் கேள்வி. சோதித்துப் பார்த்து, அல்ல என்று கண்டார். கூட்டல் பிரிகிறது, பெருக்கல் பிரியவில்லை. ஆகவே கூட்டல் பிரிவது தானாக விளங்கும் செய்தி அல்ல; அதற்குக் காரணம் ஒன்று இருந்தாக வேண்டும்.

அந்தக் காரணத்தைச் சொல்வதே இந்த உரையின் வேலை. என் கருத்து இது: மூன்று விதிகளும் வகையிடலில் பிறந்தவை அல்ல, கழித்தலில் பிறந்தவை. எல்லை காணும் செயல் அவற்றை உண்டாக்குவதில்லை. கழித்தல் கொடுத்ததைக் கெடுக்காமல் விட்டுவைக்கிறது, அவ்வளவுதான். அப்படி விட்டுவைப்பதும் உறுப்புகளின் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருக்கும்வரைதான்.

வகைக்கெழுவின் வரையறையை நினைவுபடுத்திக்கொள்வோம். x இலிருந்து x + h வரை போகும்போது சார்பில் ஏற்படும் மாற்றம் f(x + h) − f(x). அதை h ஆல் வகுத்தால் கிடைப்பது சராசரி மாற்ற வீதம். h ஐப் பூச்சியத்தை நோக்கிச் சுருக்கும்போது அந்த வீதம் எந்த எண்ணை நெருங்குகிறதோ அதுவே x இல் வகைக்கெழு. ஆக மூன்று வேலைகள் நடக்கின்றன: கழிக்கிறோம், வகுக்கிறோம், எல்லை காண்கிறோம். இனி ஒவ்வொரு விதியையும் பார்க்கும்போது, அது எந்த வேலையில் உண்டாகிறது என்று கேட்டுக்கொண்டே போவோம்.

1. மாறிலியின் வகைக்கெழு

f(x) எப்போதும் 7 என்று கொள்வோம். f(x + h) உம் 7, f(x) உம் 7. கழித்தால் 0. அதை h ஆல் வகுத்தால் 0/h; h பூச்சியமல்ல என்பதால் இதன் மதிப்பு 0. விதி இங்கேயே, கழித்தலிலேயே, முடிந்துவிட்டது. எல்லைக்கு வேலையே இல்லை. x² ஐ வகையிடும்போது மாற்ற வீதம் 2x + h என்று வருகிறது. அது 2x ஐ நெருங்குகிறதே தவிர, எந்த h இலும் 2x ஆக இருப்பதில்லை. மாறிலிக்கோ மாற்ற வீதம் பூச்சியத்தை நெருங்குவதில்லை. h பெரிதானாலும் சிறிதானாலும் அது பூச்சியமாகவே இருக்கிறது.

இங்கே மாணவர்கள் தவறாமல் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. h பூச்சியமாகும்போது இது 0/0 ஆகிவிடுமே, அதற்கு மதிப்பு கிடையாதே என்பார்கள். ஆட்சேபம் நியாயமானது. 1734இல் பிஷப் பெர்க்லி நியூட்டனின் முறையைக் கண்டித்து எழுதியபோது தொட்ட இடமும் ஏறத்தாழ இதுதான்: ஓரிடத்தில் பூச்சியமல்ல என்று வைத்துக்கொண்டு வகுக்கிறீர்கள், பிறகு பூச்சியம் என்று சொல்லித் தள்ளிவிடுகிறீர்கள், எது உண்மை என்று அவர் கேட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோஷியும் அவருக்குப் பின் வந்தவர்களும் கொடுத்த எல்லைக் கருத்து இதற்கு விடை சொல்கிறது. எல்லை காணும்போது h ஒருபோதும் பூச்சியமாவதில்லை. பூச்சியமல்லாத எல்லாச் சிறிய h களுக்கும் மாற்ற வீதம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறோம். மாறிலிக்கு அந்த வீதம் அத்தனை h களிலும் 0. எங்கும் 0 ஆக இருப்பது 0 ஐத் தவிர வேறெதை நெருங்க முடியும்? 0/0 என்ற வடிவம் இந்தக் கணக்கில் எழுதப்படவே இல்லை.

மாறிலி என்பது ஓர் எண்ணின் தோற்றத்தைப் பார்த்துச் சொல்வதல்ல என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். π³ ஐ வகையிடச் சொன்னால் 3π² என்றும், sin 30° ஐ வகையிடச் சொன்னால் cos 30° என்றும் விடைத்தாள்களில் எழுதப்படுவதுண்டு. எழுதியவர் அடுக்கையும் sin என்ற எழுத்துகளையும் பார்த்தார். எது மாறுகிறது என்று பார்க்கவில்லை. x மாறும்போது π³ அசைவதில்லை. sin 30° என்பது ½ என்ற எண்ணின் இன்னொரு பெயர். இரண்டின் வகைக்கெழுவும் 0. உருளையின் கனஅளவான πr²h இல் உயரம் மட்டும் மாறினால் πr² முழுவதும் மாறிலி. ஆரம் மட்டும் மாறினால் உயரம் மாறிலி. எதைப் பொறுத்து வகையிடுகிறோம் என்று சொல்லாதவரை மாறிலி என்ற சொல்லுக்குப் பொருளே கிடையாது.

2. கூட்டல் விதி

இப்போது f, g என்ற இரண்டு சார்புகளைக் கூட்டுகிறோம். x இலிருந்து x + h வரை போகும்போது f இன் மதிப்பு a இலிருந்து A ஆகவும், g இன் மதிப்பு b இலிருந்து B ஆகவும் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகையில் ஏற்படும் மாற்றம் (A + B) − (a + b). எண்களை இடம் மாற்றிக் கூட்டலாம் என்பதால் இது (A − a) + (B − b) ஆகிறது. மொத்த மாற்றம் என்பது தனித்தனி மாற்றங்களின் கூட்டுத்தொகை. இது நுண்கணிதமே அல்ல, தொடக்கப் பள்ளி எண்கணிதம். h ஆல் வகுத்தாலும் இந்தப் பிரிவு குலைவதில்லை. ஆக, மாற்ற வீதங்கள் உறுப்பு உறுப்பாகப் பிரிந்தது எல்லைக்கு முன்பே, எந்த h க்கும், துளிப் பிழையும் இல்லாமல் நடந்திருக்கிறது.

பெருக்கலோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். AB − ab என்பது (A − a)(B − b) அல்ல. அதைப் பிரித்தால் (A − a)B + a(B − b) என்று வரும். f இன் மாற்றத்தோடு g இன் மதிப்பும், g இன் மாற்றத்தோடு f இன் மதிப்பும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. மாற்றங்களை மட்டும் தெரிந்துகொண்டு பெருக்கற்பலனின் மாற்றத்தைச் சொல்ல முடியாது. மதிப்புகளும் தெரிந்தாக வேண்டும். கூட்டலுக்கு மதிப்புகள் தேவையில்லை. 1675இல் லைப்னிட்ஸ் எதிர்கொண்ட வேற்றுமை முழுவதும் இந்த இரண்டு வரி எண்கணிதத்துக்குள் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு செய்து பார்ப்போம். 30 மீட்டர் உயரக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து ஒரு கல்லை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறிகிறோம். காற்றின் தடையை விட்டுவிட்டால், t நொடிகளுக்குப் பின் தரையிலிருந்து அதன் உயரம் 30 + 20t − 4.9t² மீட்டர். t = 1 இல் வேகம் என்ன? முதலில் 1 இலிருந்து 1.1 வரையுள்ள பத்தில் ஒரு நொடியை எடுத்துக்கொள்வோம். 30 என்ற உறுப்பில் மாற்றம் 0. 20t என்ற உறுப்பு 20இலிருந்து 22 ஆகிறது, மாற்றம் 2. மூன்றாம் உறுப்பு −4.9 இலிருந்து −5.929 ஆகிறது, மாற்றம் −1.029. மொத்தம் 0.971. நேராக உயரங்களைக் கணக்கிட்டாலும் 45.1 இலிருந்து 46.071 என்று வரும். வித்தியாசம் அதே 0.971. காலத்தால் வகுத்தால் சராசரி வேகம் நொடிக்கு 9.71 மீட்டர், அது 0 + 20 − 10.29 என்று மூன்று உறுப்புகளாகப் பிரிந்தே நிற்கிறது. இடைவெளியை நூறில் ஒரு நொடியாகச் சுருக்கினால் 0 + 20 − 9.849, அதாவது 10.151. மேலும் சுருக்கினால் மூன்றாம் உறுப்பு −9.8 ஐ நெருங்கும், மொத்தம் 10.2 ஐ நெருங்கும். மூன்று உறுப்புகளில் முதலாவதும் இரண்டாவதும் தொடக்கத்திலிருந்தே அசையவில்லை. எல்லை தேவைப்பட்டது மூன்றாம் உறுப்பு ஒன்றுக்குத்தான்.

அந்த 30 எங்கே போயிற்று என்று கேட்கலாம். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல் மேல்தளத்திலிருந்து அளந்திருந்தால் 30 சூத்திரத்தில் வந்தே இருக்காது. கல்லின் வேகம், நாம் அளவுகோலின் பூச்சியத்தை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்து மாற முடியாது. மாறிலியின் வகைக்கெழு 0 என்ற விதி இயற்பியலில் சொல்வது இதைத்தான். முதல் விதியும் இரண்டாம் விதியும் சேர்ந்தே இங்கு வேலை செய்கின்றன: கூட்டல் விதி 30 ஐத் தனியே பிரித்துக் கொடுக்கிறது, மாறிலி விதி அதை நீக்குகிறது.

ஒரு படி இன்னும் மிச்சமிருக்கிறது. மாற்ற வீதங்கள் பிரிந்தன, சரி. ஆனால் கூட்டுத்தொகையின் எல்லை எல்லைகளின் கூட்டுத்தொகைதானா? கவனமாகப் பார்க்க வேண்டிய படி இது. f இன் மாற்ற வீதம் p ஐயும், g இன் மாற்ற வீதம் q ஐயும் நெருங்குகின்றன என்று கொள்வோம். கூட்டுத்தொகை p + q ஐ நெருங்குகிறது என்பதற்குப் பொருள், யாராவது ஒருவர் எவ்வளவு சிறிய பிழையை அனுமதித்தாலும், h ஐப் போதுமான அளவு சிறிதாக்கி அதற்குள் அடங்க முடியும் என்பது. ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். f க்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, g க்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுக்கிறோம். f தன் பங்குக்குள் அடங்க h ஓர் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். g க்கு வேறோர் அளவு. இரண்டில் சிறியதை எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒருசேர அடங்கும். மூன்று உறுப்புகளானாலும் முந்நூறு உறுப்புகளானாலும் இதே வழிதான்: பிழையைப் பங்கிடு, h க்கான அளவுகளில் மிகச் சிறியதை எடு. இந்த இரண்டாவது செயலை, மிகச் சிறியதை எடுப்பதை, நினைவில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் பகுதி முழுவதும் அதைச் சுற்றித்தான் வரப்போகிறது.

3. மாறிலி மடங்கு

cA − ca = c(A − a). கழித்தலில் c பொதுக் காரணியாக வெளியே வந்துவிடுகிறது. வகுத்தாலும் அது வெளியிலேயே நிற்கும். எல்லையில் c = 100 ஆனால் பிழையும் நூறு மடங்காகும்; அதனால் f இன் பிழையை அனுமதித்த அளவில் நூறில் ஒரு பங்குக்குள் வைத்தால் போதும். விதி முடிந்தது.

மாறிலியின் வகைக்கெழு 0 என்றால் 7x² இல் உள்ள 7 மட்டும் ஏன் அழியாமல் நிற்கிறது என்ற குழப்பம் எழுவதுண்டு. x² + 7 இல் 7 ஒரு தனி உறுப்பு. இரு முனைகளிலும் அதே 7 நிற்பதால் கழிக்கும்போது நீங்கிவிடுகிறது. 7x² இல் அது x² இன் ஒவ்வொரு மாற்றத்தையும் ஏழு மடங்காக்குகிறது. கழித்த பிறகும் அந்த ஏழு மடங்கு மிச்சமிருக்கிறது. பெருக்கல் விதியைப் பயன்படுத்தி 7 இன் வகைக்கெழு 0 என்று இட்டாலும் இதே விடை வரும். ஆனால் அப்படி வருவிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெருக்கல் விதியின் நிரூபணத்துக்கு இதைவிட அதிகமான கருவிகள் வேண்டும். எளிதானதைக் கடினமானதால் நிறுவுவது காரணத்தை மறைத்துவிடுகிறது.

4. விதி சொல்லாதவை

கூட்டல் விதியை ஒரு திசையில்தான் படிக்க வேண்டும். f க்கும் g க்கும் வகைக்கெழு இருந்தால் f + g க்கும் இருக்கும் என்கிறது அது. f + g க்கு வகைக்கெழு இருந்தால் தனித்தனியாகவும் இருக்கும் என்று அது சொல்லவில்லை. அது உண்மையும் அல்ல. |x| என்ற சார்பு x = 0 இல் முறிந்து நிற்கிறது. வலப்பக்கம் சாய்வு 1, இடப்பக்கம் −1. அங்கே வகைக்கெழு இல்லை. x − |x| க்கும் அங்கே வகைக்கெழு இல்லை. இரண்டையும் கூட்டினால் x. அதற்கு எங்கும் வகைக்கெழு 1. ஒன்றின் முறிவை மற்றதன் முறிவு சரிக்கட்டிவிட்டது. ஆனால் ஒன்றுக்கு மட்டும் வகைக்கெழு இருந்து மற்றதற்கு இல்லையென்றால் இப்படிச் சரிக்கட்ட முடியாது. கூட்டுத்தொகைக்கு வகைக்கெழு இருந்தால், அதிலிருந்து நல்ல சார்பைக் கழித்து மற்றதற்கும் வகைக்கெழுவைப் பெற்றுவிடலாமே!

மாறிலி விதியையும் திருப்பிப் படிக்கும் ஆசை இயல்பானது. வகைக்கெழு எங்கும் 0 என்றால் சார்பு மாறிலிதானா? ஓர் இடைவெளியில் இடைவிடாது அப்படி இருந்தால், ஆம். ஆனால் அதை வரையறையிலிருந்து நேராகப் பெற முடியாது, சராசரி மதிப்புத் தேற்றம் வேண்டும். ஒரு புள்ளியில் வகைக்கெழு 0 என்பது அந்தப் புள்ளியின் அண்டையைப் பற்றிய செய்தி; தொலைவிலுள்ள இரண்டு புள்ளிகளில் மதிப்பு ஒன்றே என்பது முழு இடைவெளியைப் பற்றிய செய்தி. இரண்டுக்கும் இடையே பாலம் கட்டுவது அந்தத் தேற்றம். இடைவெளி அறுந்திருந்தால் பாலமும் இல்லை. arctan x + arctan(1/x) என்ற சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உறுப்பின் வகைக்கெழு 1/(1 + x²), இரண்டாவதன் வகைக்கெழு −1/(1 + x²). கூட்டல் விதிப்படி, x = 0 நீங்கலாக எங்கும் வகைக்கெழு 0. ஆனால் சார்பு மாறிலி அல்ல: x மிகையாக இருக்கும்போது அதன் மதிப்பு π/2, குறையாக இருக்கும்போது −π/2. பூச்சியத்தில் சார்பு வரையறுக்கப்படவில்லை. அந்த ஒரு புள்ளி விடுபட்டதால் எண்கோடு இரண்டு துண்டுகளாகி, ஒவ்வொரு துண்டும் தனக்கென ஒரு மாறிலியை வைத்துக்கொண்டது. 1/x ஐத் தொகையிட்டு log|x| + C என்று எழுதும்போதும் இதே நிலைமைதான். இரு பக்கமும் ஒரே C இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

5. உறுப்புகள் முடிவில்லாமல் நீளும்போது

இதுவரை சொன்னதைக் கேட்ட ஒருவர், முந்நூறு உறுப்புகளுக்குப் பொருந்துவது முடிவில்லாத் தொடருக்கும் பொருந்தாதா என்று கேட்டால் அதில் வியப்பில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய கணித அறிஞர்களே அப்படித்தான் வகையிட்டு வந்தார்கள். இதற்குத் தடை சொன்னவர்களில் முக்கியமானவர் நார்வே நாட்டு இளைஞர் நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல். 1826 ஜனவரியில் தம் ஆசிரியர் ஹோம்போவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கொடுத்தார்.

−π க்கும் π க்கும் இடையிலுள்ள x க்கு,

x/2 = sin x − (sin 2x)/2 + (sin 3x)/3 − (sin 4x)/4 + …

இது சரியான சமன்பாடு. இரு பக்கமும் உறுப்பு உறுப்பாக வகையிட்டால் இடப்பக்கம் ½ வரும். வலப்பக்கம் cos x − cos 2x + cos 3x − cos 4x + … என்று வரும். x = 0 இட்டால் அது 1 − 1 + 1 − 1 + … ஆகிறது. உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனால் 1, 0, 1, 0 என்று ஆடிக்கொண்டே இருக்கும். ½ ஐ ஒருபோதும் நெருங்காது. x ஐ 60 பாகையாக எடுத்துக்கொண்டால் ½, 1, 0, ½, 1, 0 என்று சுழலும். தொடர் விரிகிறது, விடை பொய்யாகிறது என்று ஆபெல் முடிவு சொன்னார்.

எங்கே உடைந்தது? கழித்தலில் அல்ல. இந்தத் தொடர் குவிவதால், மொத்த மாற்றம் இப்போதும் தனித்தனி மாற்றங்களின் கூட்டுத்தொகைதான். வகுத்தலிலும் அல்ல. உடைந்தது மூன்றாவது வேலையில், நினைவில் வைத்திருக்கச் சொன்ன அந்த இடத்தில். x = 0 இல் n ஆவது உறுப்பை, குறியை விட்டுவிட்டுப் பார்ப்போம். அதன் மாற்ற வீதம் sin(nh)/(nh). h சுருங்கச் சுருங்க அது 1 ஐ நெருங்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு பிழைக்குள் வர nh சுமார் 0.077 க்குக் கீழே இருக்க வேண்டும். முதல் உறுப்புக்கு h 0.077 ஆக இருந்தால் போதும். நூறாவது உறுப்புக்கு 0.00077. பத்தாயிரமாவது உறுப்புக்கு 0.0000077. ஒவ்வோர் உறுப்புக்கும் ஏற்ற h இருக்கிறது. ஆனால் எல்லா உறுப்புகளுக்கும் ஒருசேர ஏற்ற h இல்லை. முடிவுள்ள எண்ணிக்கையில் மிகை எண்கள் இருந்தால் அவற்றில் மிகச் சிறியது ஒன்று இருக்கும், அதுவும் மிகை எண்ணாகவே இருக்கும். முடிவில்லாத எண்ணிக்கையில் அப்படி ஒன்று இருந்தாக வேண்டியதில்லை. இங்கே அவை பூச்சியத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போகின்றன. பிழையை எப்படிப் பங்கிட்டுக் கொடுத்தாலும் இந்தக் குறை தீராது.

உறுப்பின் உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. (sin nx)/n இன் உயரம் 1/n ஐத் தாண்டாது. n வளர வளர அது கண்ணுக்குத் தெரியாத சிற்றலையாகிவிடும். ஆனால் அதே வேகத்தில் அலை நெருக்கமாகவும் ஆவதால், பூச்சியத்தில் அதன் சாய்வு எப்போதும் 1 ஆகவே இருக்கும். உயரம் குறைவது சாய்வு குறைவதற்கு உறுதி தராது. 1872இல் பெர்லின் அகாதமியில் வயர்ஸ்ட்ராஸ் இதை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அவர் கொடுத்த வகையில் ஒன்றைச் சொல்கிறேன்: n ஆவது உறுப்பு, ½ இன் n ஆவது அடுக்கு பெருக்கல் cos(13ⁿπx). உயரங்கள் பாதி பாதியாகக் குறைவதால் தொடர் மிக நன்றாகக் குவிகிறது. கூட்டுத்தொகை எங்கும் தொடர்ச்சியானது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவரையுள்ள கூட்டுத்தொகையை உறுப்பு உறுப்பாக வகையிடலாம். ஆனால் உறுப்புகளின் சாய்வுகள் 6.5 மடங்கு, 6.5 மடங்காகப் பெருகுகின்றன. முழுத் தொடரின் கூட்டுத்தொகைக்கு எந்தப் புள்ளியிலும் வகைக்கெழு இல்லை.

அப்படியானால் முடிவில்லாத் தொடர்களை உறுப்பு உறுப்பாக வகையிடவே கூடாதா? கூடும், சாய்வுகள் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆபெலின் தொடரில் n க்குப் பதில் n³ ஐப் பகுதியாக வைத்து, (sin nx)/n³ என்ற உறுப்புகளைக் கூட்டிப் பாருங்கள். வகையிட்டால் உறுப்புகள் (cos nx)/n². இவற்றின் அளவு எந்த x இலும் 1/n² ஐத் தாண்டாது. அதோடு, எவ்வளவு பெரிய அல்லது சிறிய h ஐ எடுத்தாலும் n ஆவது உறுப்பின் மாற்ற வீதமும் 1/n² ஐத் தாண்டாது. இதைச் சொல்வதும் சராசரி மதிப்புத் தேற்றம்தான். இப்போது ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை அனுமதிக்கப்படுகிறது என்போம். முதல் 4000 உறுப்புகளைத் தனியே எடுத்துவைப்போம். மிச்சமுள்ள வாலில் 1/n² களின் கூட்டுத்தொகை 1/4000 க்கும் குறைவு. ஆகவே வாலின் மாற்ற வீதம் 1/4000 க்குள், வாலின் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகையும் 1/4000 க்குள். h என்னவாக இருந்தாலும் இது மாறாது. அனுமதித்த பிழையில் மீதமுள்ள 1/2000, முதல் 4000 உறுப்புகளுக்குப் போதும். அவை முடிவுள்ள எண்ணிக்கை என்பதால் அவற்றுக்கான அளவுகளில் மிகச் சிறியது ஒன்று கிடைத்துவிடும். முடிவில்லாத கணக்கு முடிவுள்ள கணக்காகச் சுருங்கிவிட்டது.

பாடநூல்களில் சீரான குவிதல் என்ற பெயரோடு வரும் தேற்றம் இந்த உத்தியின் பொது வடிவம். ஓர் இடைவெளியில் வகைக்கெழுக்களின் தொடர் சீராகக் குவிந்து, மூலத் தொடர் ஒரு புள்ளியிலாவது குவிந்தால், உறுப்பு உறுப்பாக வகையிடலாம். x இன் அடுக்குகளாலான தொடர்கள் தம் குவிவு ஆரத்துக்குள் இந்த நிபந்தனைக்கு எப்போதும் ஆட்படுகின்றன. அதனால்தான் 1 + x + x²/2! + x³/3! + … என்ற தொடரை உறுப்பு உறுப்பாக வகையிட்டு, முதலில் உள்ள 1 மறைய, மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றும் ஓர் இடம் முன்னே நகர, அதே தொடரைத் திரும்பப் பெறுகிறோம். eˣ இன் வகைக்கெழு eˣ என்று இந்த வழியில் சொல்ல நமக்கு உரிமை தருவது கூட்டல் விதி மட்டுமல்ல, மேலே சொன்ன தேற்றமும் சேர்ந்துதான்.

இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள். மாறிலி விதியைக் கரும்பலகையில் எழுதும்போது 0/h என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அதன் அருகில் h பூச்சியமல்ல என்றும் எழுதுங்கள். கூட்டல் விதியை எழுதும்போது, உறுப்புகள் முடிவுள்ள எண்ணிக்கையில் இருந்தால் என்ற சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவர் கல்லூரியில் தொடர்களைச் சந்திக்கும் நாளில் அந்தச் சொற்கள் அவருக்குத் தேவைப்படும்.